கொழுந்து லொறி திசை மாறுவதற்கு முன்

தோட்டத்தில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்பதை அங்குள்ள மக்கள் பெரும்பாலும் யார் வாயாலும் கேட்டு அறிவதில்லை. தொழிற்சாலைக்கு விறகு வாங்குவது நிற்கிறது. பழுதான ரோலருக்கு உதிரிப்பாகம் வரவில்லை. பிறகு ஒருநாள் மாலை, மலையில் நிறுத்த கொழுந்தை ஏற்றிய லொறி தங்கள் தொழிற்சாலைப் பக்கம் திரும்பாமல் பலாங்கொடைக்கு இறங்கும் பாதையில் போகிறது. அன்றிரவே லயத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. துரை பிரட்டுக்களத்தில் வாய் திறப்பது அதற்குப் பல நாட்களுக்குப் பின்னர்தான். அதற்குள் எத்தனை பேருக்கு வேலை போகிறது, வீடும் போகுமா, சேமலாப நிதி கிடைக்குமா என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு பதில் உருவாகிவிடுகிறது. அந்தப் பதில்கள் பிறகு வரும் அதிகாரபூர்வமான அறிவிப்பைவிட வலுவாக நிற்கின்றன.

ஒரு பணியிடத்தை மாற்றி அமைக்கும்போது அதை ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது என்பது உலகெங்கும் எழுதப்படும் விஷயம்தான். அந்த எழுத்துகள் பெரும்பாலும் அலுவலகத்தை மனதில் வைத்தவை. வேலை போனவர் மாலையில் வீட்டுக்குப் போவார், வீடு அவருடையதாக இருக்கும், அடுத்த வேலையை அதே நகரத்தில் தேடுவார் என்பது அவற்றின் அடிப்படை. சபரகமுவத் தோட்டங்களில் இந்த அடிப்படை இல்லை. வேலையும் வீடும் பிள்ளை மடுவமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. கணவன் தொழிற்சாலையிலும் மனைவி மலையிலும் பெயர் பதிந்திருப்பார்கள். வேலையைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் வீட்டைப் பற்றிய வாக்கியமாகவும் கேட்கப்படுகிறது. ஆகவே இங்கே அறிவிப்பு என்பதைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. ‘துண்டு’ என்ற கடன் சீட்டு தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட்டு, அந்தக் கடனை அடைப்பவரே அவரை அடுத்த தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் பற்றுச்சீட்டு இருந்தது. துரை அதைக் கொடுத்தால் வேலை முடிந்தது, லயத்து அறையும் முடிந்தது. காரணம் சொல்லும் வழக்கம் இருக்கவில்லை. கணவனுக்குக் கொடுத்த சீட்டோடு மனைவியின் வேலையும் போன காலம் அது.

1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தில் நடந்தது இந்த வரலாற்றின் மிகப் பெரிய அத்தியாயம். உருளவள்ளி என்று நம் மக்கள் சொல்லும் தோட்டம் அது. அயல் கிராமத்து மக்களுக்கு நிலம் பகிர்ந்தளிப்பதற்காக அரசு அந்தத் தோட்டத்தைச் சுவீகரித்தது. தொழிலாளர்களுக்கு வேலை முடிந்தது, வெளியேறுங்கள் என்று அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தார்கள். அத்துமீறித் தங்கியிருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. நிலமில்லாத கிராமத்தவருக்கு நிலம் கொடுப்பது தவறான நோக்கமல்ல. ஆனால் அந்த மண்ணில் தலைமுறையாக வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு அறிவித்தலில் பதில் இருக்கவில்லை. வெளியேற வேண்டிய திகதி மட்டும் இருந்தது. இன்றைக்கும் ஒரு நிர்வாகம் திகதியை மட்டும் சொல்லிப் போகுமிடத்தைச் சொல்லாமல் விட்டால், கேட்பவர்களின் நினைவில் எழுவது இந்தப் பழைய கதைதான். அதை மிகையான பயம் என்று ஒதுக்கும் முகாமையாளர் தன் முன்னால் நிற்பவர்களை அறியாதவர்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் அவற்றைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்து, நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். பலாங்கொடையைச் சூழ்ந்த தோட்டங்கள் பலவும் அப்போதுதான் இந்தப் புதிய கம்பனிகளின் கீழ் வந்தன. இந்தப் பெரிய கைமாற்றங்களிலெல்லாம் தொழிலாளிக்குக் கிடைத்தது புதிய துரையின் முகம் மட்டுமே. என்ன மாறும், என்ன மாறாது என்று எழுதிய ஒரு தாள் அவர் கைக்கு வருவது வழக்கமாக இருக்கவில்லை. சொல்லாமல் மாற்றுவது தோட்ட நிர்வாகத்தின் பழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பழக்கத்துக்கு எதிரே சட்டம் ஒன்று நிற்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதாவது வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்த வேண்டுமானால் இரண்டில் ஒன்று வேண்டும்: அந்தத் தொழிலாளியின் முன்கூட்டிய எழுத்து மூலமான சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி. முந்தைய 12 மாதத்தில் 180 நாட்களாவது வேலை செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. ஆணையாளர் மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி உத்தரவிடலாம். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2003இல் திருத்தம் வந்தது.

ஆட்குறைப்பைத் தொழிலாளர்களிடம் எப்படி அறிவிப்பது என்பதைப் பற்றி இந்தச் சட்டம் விரிவாகப் பேசுவதில்லை. ஆனாலும் எப்படி அறிவிக்க வேண்டும் என்பதை அது பெருமளவு தீர்மானிக்கிறது. அனுமதி வருவதற்கு முன் “உங்களை நிறுத்திவிட்டோம்” என்று யாராலும் உண்மையாகச் சொல்ல முடியாது. “நிறுத்துவதற்கு அனுமதி கேட்டிருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை” என்பதே அந்த நேரத்து உண்மை. அதேபோல், “தற்காலிகமாகத்தான் மூடுகிறோம்” என்பதும் தப்பிக்கும் வழியாகாது. வேலை கொடுக்காமல் இருப்பது தற்காலிகமானாலும் நிரந்தரமானாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் முடிவுறுத்தலே. திருத்த வேலை என்று சொல்லித் தொழிற்சாலையைப் பூட்டி, ஆறு மாதம் கழித்துத் திறக்காமலே விடும் முறை நேர்மையற்றது மட்டுமல்ல, சட்டத்துக்கும் புறம்பானது.

இனி ஒரு சம்பவத்தை முழுமையாக எடுத்துப் பார்க்கலாம். இது எந்தத் தோட்டத்தினதும் கதையல்ல. கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டது. பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டம். அதன் தொழிற்சாலை நாளொன்றுக்கு 12,000 கிலோ பச்சைக் கொழுந்தை வாங்கக் கட்டப்பட்டது. இன்று வருவது 3,000 கிலோ. கொழுந்து நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடினால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும் என்பதால், அது நாளுக்கு 650 கிலோ தூளுக்கு மேல் போகாது. ட்ரையரைச் சூடாக்க விறகு எரிய வேண்டும், வாட்டும் தொட்டிகளுக்குக் காற்று ஓட வேண்டும், மின்சாரக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். கொழுந்து கால்வாசியானால் செலவு கால்வாசியாவதில்லை. 14 கிலோமீட்டர் தள்ளி அதே கம்பனியின் இன்னொரு தொழிற்சாலை பாதி வெறுமையாகக் கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குவது என்று முடிவாகிறது. மூடப்போகும் தொழிற்சாலையில் 38 தொழிலாளர்களும் டீ மேக்கர் உட்பட 5 உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். 16 பேருக்கு மற்றத் தொழிற்சாலையில் இடம் உண்டு. 14 பேரை மலை வேலைக்கு மாற்றலாம். 8 பேருக்கு இடமில்லை.

இந்த எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு அறிவிப்புக்கான வேலை தொடங்கும் இடம் பிரட்டுக்களமல்ல, அலுவலகத்தின் பதிவேடுகள். தோட்டத்தில் கணக்குத் தீர்க்கும்போது வரும் சண்டைகளில் பெரும்பங்கு பெயரிலும் திகதியிலும் தொடங்குகிறது. அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதி அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல். செக்ரோலில் பெயர் விழுந்த ஆண்டு ஒன்று, தொழிலாளி தான் வேலைக்கு வந்ததாகச் சொல்லும் ஆண்டு இன்னொன்று. இடையில் பதிவில்லாமல் கைக்காசுக்கு வேலை செய்த காலம் சேவையில் சேருமா என்பது ஒரு கேள்வி. இவற்றை 38 பேருக்கும் முன்கூட்டியே சரிபார்க்காத நிர்வாகம், அறிவித்த அன்று “உங்கள் சேவை 22 வருடம்” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, மறுமாதம் “பதிவில் 19தான் இருக்கிறது” என்று சொல்ல நேரும். அதன் பிறகு அது சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த 22 வருடக்காரரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் நிறைந்த நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாள் சம்பளம். 2024இல் நிர்ணயமான 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் அது வருடத்துக்கு 18,900 ரூபாய். 22 வருடத்துக்கு 4,15,800 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டிய பணம் இது. ஆணையாளரின் அனுமதியோடு நிறுத்தப்பட்டால் கிடைக்கும் நட்டஈடு வேறு. 2005இல் வர்த்தமானியில் வந்த சூத்திரத்தின்படி முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம், 20 முதல் 24 வரை ஒரு மாதம், அதன் மேல் அரை மாதம். இவருக்குக் கூட்டினால் 41 மாதச் சம்பளம். மாதத்துக்கு 34,000 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 13 இலட்சத்து 94 ஆயிரம். இந்த நட்டஈட்டுக்கு உச்ச வரம்பு முதலில் 12.5 இலட்சமாக இருந்தது, 2021இல் 25 இலட்சமாக உயர்ந்தது. இந்தப் பணம் பணிக்கொடைக்கு மேலதிகமானது.

இவ்வளவு விரிவாகக் கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நிர்வாகங்கள் ஆணையாளரிடம் போவதைவிட ‘சுயவிருப்ப ஓய்வு’ என்ற வழியையே விரும்புகின்றன. தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால் அனுமதி தேவையில்லை. ஒரு தொகை பேசப்படுகிறது, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்கப்படுகிறது. அந்தத் தொகை சூத்திரம் தரும் தொகையைவிடக் கூடவும் இருக்கலாம், மிகக் குறையவும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க மற்றத் தொகை தெரியாதவரின் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணவில்லை. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்து, தொழிற்சங்கத்திடமும் தொழில் காரியாலயத்திடமும் காட்டிக் கேட்க இரண்டு வாரமாவது விட்ட பிறகு போடப்படும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. ஆங்கிலக் கடிதத்தில் வாங்கிய பெருவிரல் அடையாளம் நிர்வாகத்தின் கோப்பை நிரப்பும். தொழிலாளிக்கு எதையும் விளக்காது.

சேமலாப நிதியைப் பற்றிய ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. “உங்கள் ஈ.பி.எஃப். பணமெல்லாம் வரும்” என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லப்படுகிறது. உண்மையில் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுக்கு முன், சில குறிப்பிட்ட காரணங்கள் தவிர, அந்தப் பணத்தை முழுமையாக எடுக்க முடியாது. 43 வயதில் வேலை இழக்கும் ஆண் அதைப் பார்க்க இன்னும் 12 வருடம் உண்டு. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை விட்டதும் கேட்கலாம், ஆனால் அது சிறிய தொகை. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அந்த ஆறுதல் வார்த்தையை நம்பி மகளின் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். தீபாவளி முற்பணத்தில் இன்னும் கழிக்காத மீதி, கடையில் நிர்வாகத்தின் பொறுப்பில் வாங்கிய பொருட்களின் மீதி ஆகியவை கடைசிக் கணக்கில் எப்படி வரும் என்பதையும் அதே தாளில் காட்ட வேண்டும். கையில் வரும் இறுதித் தொகைதான் அந்தக் குடும்பம் திட்டம் போடும் தொகை.

பதிவேடுகள் சரியான பிறகு நாள் குறிப்பது. சம்பள நாளில் சொல்லக் கூடாது. அன்று கடன்காரர்களும் வெளியாட்களும் தோட்டத்தில் இருப்பார்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்தைய வாரங்களிலும் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை சொல்லிவிட்டு அலுவலகத்தைப் பூட்டுவது எல்லாவற்றிலும் மோசமானது. கேள்வி கேட்க இரண்டு நாள் ஆளில்லை. செவ்வாய் அல்லது புதன் காலை பொருத்தம். கம்பனி பங்குச் சந்தையில் பதிவானதென்றால், முக்கியத் தீர்மானங்களைச் சந்தைக்கு அறிவிக்கும் கடமையும் அதற்கு உண்டு. பணிப்பாளர் சபைத் தீர்மானம், சந்தைக்கான அறிவித்தல், பிரட்டு மூன்றும் ஒரே காலைக்குள் வரும்படி அமைக்கவில்லையென்றால், கொழும்பில் பங்கு வாங்குபவர் டீ மேக்கருக்கு முன்பாகத் தெரிந்துகொள்வார்.

யார் முதலில் கேட்பது என்பதுதான் மரியாதையின் பெரும்பகுதி. என் கருத்து உறுதியானது: இடமில்லாத 8 பேரும் எல்லோருக்கும் முன் கேட்க வேண்டும், அதே காலையில், தனித்தனியே, உட்காரவைத்து. அலுவலகத்தின் வெளிச்சன்னலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசும் பழைய பழக்கம் அன்றாவது வேண்டாம். விரும்பினால் குடும்பத்தவர் ஒருவரும் தோட்டத்துச் சங்கத் தலைவரும் உடனிருக்கலாம். எட்டுப் பேரும் இரண்டு மூன்று சங்கங்களில் இருப்பார்கள். எல்லாச் சங்கத்துத் தலைவர்மாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நிர்வாகம் ஒரு சங்கத்தோடு பேசி முடித்துவிட்டது என்ற பேச்சு மறுநாளே எழும். சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் வந்து அங்கத்தவர்களைச் சந்திக்கும் உரிமையை 1970இன் சட்டமே கொடுத்திருக்கிறது. அவர்களை வெளி வாசலில் நிறுத்துவதால் கிடைப்பது ஒன்றுமில்லை. எட்டாவது ஆளோடு பேசி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பிரட்டு நடக்க வேண்டும். இடைவெளி நீண்டால் அரைகுறைச் செய்தி மலைக்கு முந்திப் போய்விடும்.

பிரட்டைப் பற்றி வெளியாருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. காலைப் பிரட்டுக்கு வருபவர்கள் மலைக்குப் போகிறவர்கள். மாலையில் வரும் கொழுந்து இரவு முழுவதும் வாடி, விடிவதற்கு முன் ரோலருக்குப் போகும். தொழிற்சாலையின் இரவு முறைக்காரர்கள் காலையில் வேலை முடித்து லயத்தில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மூடப்படுவது அவர்களுடைய தொழிற்சாலை, செய்தியைக் கேட்பவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள் என்றாகிவிடும். இரவு முறை முடியும் நேரத்தில் தொழிற்சாலைக்குள்ளேயே முதல் கூட்டம், பிறகு பிரட்டு, மாலையில் தூரத்து டிவிசனில் மூன்றாவது கூட்டம். மூன்றிலும் ஒரே தாளை ஒரே ஆள் வாசிக்க வேண்டும்.

அந்த ஆள் முகாமையாளராகவே இருக்க வேண்டும். அவருடைய தமிழ் திருத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வாக்கியங்களை அவரே சொல்லட்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் தன் வேலையும் ஆட்டத்தில் இருக்கும் தொழிற்சாலைக் கணக்கப்பிள்ளையை நிறுத்தக் கூடாது. தான் கேட்டு அதிர்ந்த செய்தியைத் தன் வாயாலேயே அயலாருக்குச் சொல்லவைப்பது கொடுமை.

என்ன சொல்வது? நான் எழுதித் தர நேர்ந்தால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்:

“எல்லோருக்கும் வணக்கம். நம் தொழிற்சாலையை மூடப்போகிறோம். இது தற்காலிகமான மூடல் இல்லை. இங்கே வரும் கொழுந்து மூவாயிரம் கிலோவாகக் குறைந்துவிட்டது, அதை வைத்து ட்ரையரை எரிக்கக் கட்டுப்படியாகவில்லை. இது உங்கள் வேலையில் வந்த குறையால் அல்ல. கொழுந்து அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து கீழ்த் தொழிற்சாலைக்குப் போகும். 16 பேர் அங்கே போவார்கள், லொறி இங்கிருந்தே ஏற்றி இறக்கும். 14 பேருக்கு மலையில் வேலை, நாட்சம்பளத்தில் குறைவில்லை. 8 பேருக்கு எங்களால் வேலை கொடுக்க முடியவில்லை. அவர்களோடு இன்று காலை பேசிவிட்டோம், அவர்கள் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவர்கள் விஷயத்தில் தொழில் ஆணையாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை அவர்கள் வேலையில் இருப்பார்கள், சம்பளம் கிடைக்கும். இதனால் யாரும் லயத்து வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை, அதை எழுத்தில் தருகிறோம். தொழிற்சாலைக் கட்டடத்தை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் இதே இடத்தில் சொல்வேன். நாளை முதல் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன்.”

இதில் நான் கவனமாக விட்டவை சில. “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பது இல்லை. அந்த வார்த்தைக்குப் பின் எட்டுப் பேரை வெளியே அனுப்புவது கேட்பவரைப் புண்படுத்தும். “கம்பனியின் நன்மைக்காக” என்பதும் இல்லை. ‘மேலதிக ஆட்கள்’ என்ற பிரயோகமும் இல்லை. வீட்டைப் பற்றிய வரி கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் அதை எழுத்தில் கொடுக்க முடியும் என்று உறுதியான பிறகே சொல்ல வேண்டும். உத்தியோகத்தரின் நிலை இங்கே வேறு. டீ மேக்கர் குடியிருக்கும் வீடு அந்தப் பதவிக்குரிய விடுதி. பதவி போனால் வீட்டையும் விட வேண்டும். பிள்ளைகள் பலாங்கொடையில் படித்துக்கொண்டிருந்தால் பள்ளித் தவணை முடியும்வரை தங்க விடுவது நிர்வாகத்துக்குச் சிறிய செலவு, அந்த வீட்டுக்குப் பெரிய உதவி. தொழிலாளர்களைப் பற்றியே எல்லோரும் பேசும்போது இந்த ஐந்து பேரும் மறக்கப்படுகிறார்கள். அவர்களோடு அவர்களின் சங்கமான இலங்கைத் தோட்டச் சேவையாளர் சங்கத்தின் வழியாகவும் பேச வேண்டும்.

“ஏன் நான், ஏன் அவர் இல்லை?” என்ற கேள்வி அன்று மாலைக்குள் வரும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவது என்பது நம் நாட்டில் வேரூன்றிய நடைமுறை. அதைப் பின்பற்றினால் ஒவ்வொரு வேலைப்பிரிவிலும் சேர்ந்த திகதி வரிசையைச் சங்கத் தலைவர்களிடம் காட்டலாம். பின்பற்றவில்லையென்றால், உதாரணமாக ட்ரையர் வேலை தெரிந்த புதியவரை வைத்துக்கொண்டு பழையவரை விட்டால், அந்தக் காரணத்தை அந்தப் பழையவரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வயதைக் காட்டி அனுப்பும் பழைய சுருக்குவழி இப்போது அடைபட்டுவிட்டது. 2021இன் சட்டம் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60க்கு உயர்த்தியிருக்கிறது, அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்த சிலருக்கு மட்டும் அதற்குச் சற்றுக் குறைந்த வயதுகள்.

முகாமையாளர்கள் சொல்லும் எதிர்வாதத்தையும் தட்டிவிட முடியாது. முன்கூட்டிச் சொன்னால் வேலை படுத்துவிடும், தொழிற்சாலைச் சாமான்கள் காணாமல் போகும், நல்ல ஆட்கள் முதலில் விலகிப்போவார்கள், சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு போராட்டம் அறிவிக்கும் என்பார்கள். கடைசி இரண்டும் உண்மையில் நடக்கக் கூடியவை. நல்ல ட்ரையர்காரருக்கு அயலில் உள்ள தனியார் தொழிற்சாலைகளில் எப்போதும் வேலை உண்டு. சபரகமுவவில் சிறுதோட்டக் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலைகள் நிறைய. அதற்கு மருந்து இரகசியமல்ல. கடைசி நாள்வரை இருப்பவருக்கு இவ்வளவு என்று எழுத்தில் கொடுப்பதே. ஆணையாளரின் விசாரணைக்கு எப்படியும் இரண்டு மாதம் போகும். அந்தக் காலத்தில் விஷயத்தை மறைத்து வைக்க யாராலும் முடியாது. சங்கத்துக்குப் பிரதி போகும், விசாரணைக்கு அழைப்பு வரும். ஆகவே முன்கூட்டிச் சொல்வதா வேண்டாமா என்ற தெரிவே நடைமுறையில் இல்லை. நிர்வாகத்தின் வாயால் கேட்பதா, வேறு வாயால் கேட்பதா என்பதே மிஞ்சுகிறது.

அறிவிப்பு பலித்ததா என்பதை அறிய அடுத்த இரண்டு வாரத்துக் கேள்விகளைக் கவனித்தால் போதும். மூன்று மணிக்கு வருபவர்கள் திகதியையும் தொகையையும் லொறி நேரத்தையும் பற்றிக் கேட்டால் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. யாருமே வரவில்லையென்றால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டுப் பயனில்லை என்று முடிவுசெய்துவிட்டார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர், தான் அந்த எட்டில் இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பதும் உண்டு. “பார்ப்போம், முயற்சி செய்வோம்” என்று இரக்கத்தால் ஒரு சின்னத்துரை சொன்ன வார்த்தையை அவர் வாக்குறுதியாக எடுத்திருப்பார். அதனால்தான் ஒவ்வொருவர் கையிலும் தாள் வேண்டும், ஒரு வாரம் கழித்து அதே ஆட்களோடு இரண்டாவது முறை பேச வேண்டும். முதல் தடவை வேலை போகிறது என்ற வார்த்தைக்குப் பின்னால் சொன்னது எதுவும் பலர் காதில் விழுந்திருக்காது.

இவ்வளவும் ஆட்குறைப்பு என்று பெயர் சொல்லி நடப்பதற்கு. இப்போது பரவிவரும் மாற்றம் வேறு வகை, அதை அறிவிப்பதுதான் இன்னும் கடினம். கூட்டு ஒப்பந்தம் 2021இல் கைவிடப்பட்டு, சம்பளம் சம்பள நிர்ணய சபையின் வழியே வரத் தொடங்கிய பிறகு, பல கம்பனிகள் வெளியக உற்பத்தியாளர் முறையை முன்னிலும் அழுத்தமாக முன்வைக்கின்றன. தேயிலை மலையின் ஒரு துண்டைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, பராமரித்துப் பறித்த கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கிக்கொள்வது அது. யாரையும் நிறுத்தவில்லை, யாருக்கும் கடிதம் கொடுக்கவில்லை. 1971இன் சட்டம் பேசும் முடிவுறுத்தல் எங்கே நடந்தது என்று காட்டுவதே சிக்கல். ஆனால் செக்ரோலில் பெயர் விழுவது குறைந்து, நாட்சம்பளத்தோடு கட்டப்பட்ட சேமலாப நிதியும் பணிக்கொடைக்கான வருடங்களும் மெல்ல நின்றுபோகலாம். நாள் முழுக்கத் துண்டு மலையில் நிற்பவர், வருடத்தில் 180 நாள் செக்ரோலில் இல்லாமல் போனால், நாளைக்கு நிறுத்தப்படும்போது அந்தப் பாதுகாப்பும் இருக்காது.

இந்த முறை தன்னளவில் தீயது என்று நான் சொல்லவில்லை. நேரத்தைத் தானே தீர்மானிக்கலாம், கணவனும் பிள்ளைகளும் மாலையில் கைகொடுக்கலாம், கூடுதலாகப் பறித்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதை விரும்பிய குடும்பங்கள் உண்டு. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைத் தருபவர்கள் ஏற்கெனவே சிறுதோட்டக்காரர்கள்தான். பலாங்கொடையைச் சுற்றியுள்ள கிராமங்களே சாட்சி. ஆனால் கிராமத்துச் சிறுதோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். லயத்துக் குடும்பத்துக்கு நிலமும் இல்லை, பெரும்பாலும் வீட்டுக்கு உறுதியும் இல்லை. அரசு வாக்களித்த 7 பேர்ச் காணி இன்னும் எத்தனையோ பேருக்குக் கைவரவில்லை. பிரட்டில் இந்த முறையை அறிவிக்கும்போது ‘நீங்களே இனி முதலாளி’ என்று சொல்லப்பட்டால் அந்த வாக்கியம் உண்மைக்கு வெகுதூரம்.

சொல்ல வேண்டிய தாள் இப்படியிருக்க வேண்டும்: சேமலாப நிதி தொடருமா, எந்தத் தொகையில்? இதுவரை சேர்ந்த வருடங்களுக்கான பணிக்கொடை இப்போது கொடுக்கப்படுமா, அல்லது இப்போதைய சம்பளக் கணக்கில் எழுதி வைக்கப்படுமா? உரத்தின் விலையை யார் ஏற்பது, கடனாகக் கொடுத்தால் எந்தக் கொழுந்தில் கழிப்பது? கிலோ விலையை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தீர்மானிப்பது? ஒருவர் நோயில் விழுந்தால் துண்டு மலை திரும்பப் போகுமா? விரும்பாதவர் பழைய நாட்சம்பளத்திலேயே இருக்கலாமா? 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னர் கொழுந்து எப்படி வீழ்ந்தது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் நாட்சம்பளக்காரருக்கு ஆபத்தின் ஒரு பகுதியைக் கம்பனி தாங்கியது. அதே காலத்தில் துண்டு மலையோடு நின்றிருந்தால் யார் தாங்கியிருப்பார்கள் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரி வேண்டும்.

தோட்ட முகாமையாளர்கள் பலரிடம் இந்தக் கேள்விகளுக்குத் தலைமையகத்திலிருந்து வந்த பதிலே இல்லை. அப்படியிருக்கும்போது பிரட்டைக் கூட்டுவது கூடாது. பதில் வரும்வரை துண்டு மலையை அளப்பதற்கு ஆளனுப்புவதும் கூடாது. முளைக்குச்சி நட்டதைப் பார்த்த உடனேயே லயத்தில் பேச்சுத் தொடங்கிவிடும். எழுத்தில் பதில்கள் வந்த பிறகு, ஒரு டிவிசனில் விரும்பும் குடும்பங்களோடு மட்டும் ஒரு வருடம் நடத்தி, அந்தக் குடும்பங்களின் மாதக் கணக்கை மற்றவர்கள் பார்க்கும்படி வைத்து, அதன் பிறகே அடுத்த டிவிசனில் அறிவிக்கலாம். நாட்சம்பளத்தில் நின்ற அயல்வீட்டாரின் மாதக் கணக்கும் சேமலாப நிதிக் கழிவும் அதே பலகையில் பக்கத்தில் இருக்க வேண்டும்.